மிதக்கும் முட்டை, கீறல் முட்டை, ரத்தப் பொட்டு: சத்துணவு மையச் சமையலர் அக்காமார்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களுக்கும் அமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

எங்கள் ஊர் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். கல்யாணத்துக்கு முன் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் முட்டை தரம் பிரிக்கும் வேலை பார்த்தவள். போன மாதம் ஒரு மையத்தில் பார்த்ததுதான் இந்த மடலை எழுத வைத்தது.

அங்கே 64 பிள்ளைகள். வியாழக்கிழமைக்கான முட்டைகளைப் புதன் மதியமே ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு மிதந்தன. ஏழு முட்டை அடியில் நின்றவாக்கில் இருந்தன. ஒன்பதையும் கெட்டது என்று குப்பையில் போட்டுவிட்டு, மீதியை ஈரத்தோடு அட்டையில் அடுக்கி வைத்தார்கள். மறுநாள் ஒன்பது பிள்ளைகளுக்கு முட்டை இல்லை. தேறியது என்று வைத்ததில் இரண்டு முட்டையை என் கைபேசி டார்ச்சில் பார்த்தேன்; இரண்டிலும் மயிரிழைக் கீறல். பிள்ளைகள் மேல் அக்கறை இருந்ததால்தான் அவ்வளவு மெனக்கெட்டார்கள். ஆனால் தூக்கிப் போட்டதில் ஏழு நல்ல முட்டை, வைத்துக்கொண்டதில் இரண்டு ஆகாத முட்டை.

தண்ணீர் நமக்குச் சொல்வது முட்டையின் வயதைத்தான். கோழி இட்டவுடன் முட்டை அதன் உடம்புச் சூட்டில் இருக்கும். ஆறும்போது உள்ளே இருப்பது சுருங்கி, அகலமான பக்கத்தில் ஒரு சின்னக் காற்றறை உண்டாகும். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் வழியே நாளுக்கு நாள் ஈரம் வெளியேறும், காற்றறை பெரிதாகும். ஓட்டின் அளவு மாறாது, எடை மட்டும் குறையும்.

50 கிராம் முட்டையை எடுத்துக்கொள்வோம். அது முழுக்க முங்கினால் ஏறத்தாழ 46 கிராம் தண்ணீரை விலக்கும். புதிதாக இருக்கும்போது தண்ணீரைவிடக் கனம், அதனால் அடியில் படுத்துக்கிடக்கும். ஒரு வாரம் பத்து நாளில் காற்றறை பெருத்து அகலமான பக்கம் மேலே தூக்கும். இன்னும் நாளானால் நேராக நிற்கும். எடை 46 கிராமுக்குக் கீழே போனால்தான் மிதக்கும். அதாவது 4 கிராம் ஈரம் போக வேண்டும். கோடையில், வெளியில் வைத்த முட்டையில் இது சீக்கிரம் நடக்கும். குளிர்பெட்டியில் வைத்தால் வெகு நாள் பிடிக்கும். நிற்கிற முட்டை பழசு, அவ்வளவுதான். ஓடு முழுசாக இருந்தால் தாராளமாக அவிக்கலாம். தோல் உரிப்பதற்குப் புது முட்டையைவிட அதுதான் சுலபம் என்பது உங்களுக்கே தெரியும்.

மிதப்பதெல்லாம் கூமுட்டை என்ற பேச்சு அடை வைத்த முட்டையிலிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன். கோழியின் சூட்டில் நாள் கணக்கில் கிடந்து குஞ்சு பொரிக்காத முட்டை எடையும் குறைந்திருக்கும், உள்ளேயும் அழுகியிருக்கும். கடை முட்டை மிதந்தால் ரொம்பப் பழசு என்று மட்டும் அர்த்தம். வீட்டில் என்றால் தனிக் கிண்ணத்தில் உடைத்து மோந்து பார்க்கலாம். கெட்டது என்றால் நாற்றம் உடனே சொல்லிவிடும். மையத்தில் ஓட்டோடு அவிக்கிறோம், உடைத்துப் பார்க்க வழியில்லை. அதனால் மிதப்பதை மட்டும் ஒதுக்குங்கள். ஒரு அட்டையில் மூன்று நான்கு மிதந்தால் தேதியோடு எழுதி வைத்து அமைப்பாளரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் வந்த சரக்கே பழசு. சில மையங்களில் இந்தச் சோதனைக்குத் தண்ணீரில் உப்புப் போடுகிறார்கள். அது வேண்டாம். உப்புக் கூடினால் தண்ணீர் கனத்து நல்ல முட்டையே மிதக்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு அந்த அளவுக்கு இருக்காது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தண்ணீரால் சொல்ல முடியாததும் உண்டு. கிருமி இருக்கிறதா என்று அது சொல்லாது. நேற்று இட்ட முட்டையில் கீறல் விழுந்து கிருமி புகுந்திருந்தாலும் அது சமர்த்தாக அடியில் படுத்துக்கொள்ளும். அந்த இரண்டு முட்டையும் அப்படித்தான் தப்பின.

எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது, நனைத்த முட்டையை மறுநாளைக்கு வைத்ததுதான். ஓட்டின் மேல் துளைகளை அடைக்கும் ஒரு மெல்லிய பூச்சு உண்டு; நனைத்துத் தேய்த்தால் அது போய்விடும். முட்டையைவிடத் தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இருப்பது சுருங்கி, ஓட்டில் ஒட்டியிருக்கும் அழுக்குத் தண்ணீரைத் துளைகள் வழியே உள்ளே இழுக்கும். அப்புறம் ஒரு ராத்திரி முழுக்க வெக்கையில் இருந்தால் கிருமி பெருக அது போதும். ஆகவே அவிக்கப் போகிற முட்டையை, அவிக்கப் போகிற நேரத்தில் மட்டும் தண்ணீரில் போடுங்கள். சரக்கு வந்த அன்றே பார்க்க வேண்டும் என்றால் அட்டைக்கு இரண்டு மூன்று எடுத்துப் பாருங்கள், அவற்றை அன்றைக்கே அவித்துவிடுங்கள்.

கீறலைக் கண்டுபிடிக்கப் பண்ணையில் நாங்கள் காதைத்தான் நம்புவோம். இரண்டு முட்டையை ஒன்றோடொன்று மெல்லத் தட்டினால் நல்ல ஓடு கணீரென்று சத்தம் தரும். கீறல் ஓடு சொத்தென்று கேட்கும். சந்தேகம் வந்தால் இருட்டான மூலையில் டார்ச்சை முட்டையோடு ஒட்டிப் பிடியுங்கள், கீறல் வெளிச்சக் கோடாகத் தெரியும். தண்ணீரில் போடும்போது ஒரே இடத்திலிருந்து குமிழி வரிசையாக வந்தால் அங்கேயும் தட்டிப் பாருங்கள். வீட்டில், வாங்கி வரும் வழியில் கீறல் விட்டு உள்தோல் கிழியாத முட்டையைச் சுத்தமான பாத்திரத்தில் உடைத்து மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு நாளுக்குள் நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். மையத்தில் எப்போது விழுந்த கீறல் என்று தெரியாது, அதனால் கீறலோடு வந்ததை ஒதுக்குங்கள். ஆனால் கொதிக்கும்போது வெடித்து வெள்ளைக் கரு நூலாக வெளியே வந்த முட்டை வேறு. அது சூட்டில் வெடித்தது, அதே தண்ணீரில் வெந்தும்விட்டது. பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

கடைசியாக ரத்தப் பொட்டு. அவித்த முட்டையைப் பிய்த்ததும் மஞ்சள் கருவில் பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்தால், குஞ்சு என்று சொல்லிப் பிள்ளைகள் தட்டையே தள்ளிவிடுகிறார்கள். கூண்டில் வளர்க்கும் லேயர் கோழிகளோடு சேவல் கிடையாது. அந்த முட்டையில் குஞ்சு உருவாக வழியே இல்லை. மஞ்சள் கரு சினைப்பையிலிருந்து விடுபடும்போது பக்கத்தில் ஒரு சின்ன ரத்தக் குழாய் உடைந்து ஒரு சொட்டு ஒட்டிக்கொள்கிறது, அதுதான் அந்தப் புள்ளி. கரண்டி நுனியால் அதை எடுத்துவிட்டுக் கொடுக்கலாம், எடுக்காமல் சாப்பிட்டாலும் கெடுதல் இல்லை. உடைக்கும் முட்டையில் வெள்ளைக் கரு முழுக்கச் சிவந்திருந்தாலோ, இளஞ்சிவப்பு, பச்சை, கறுப்பு என்று நிறம் மாறியிருந்தாலோ அதைக் கொட்டிவிடுங்கள். அது பொட்டு விஷயம் இல்லை, அந்த நிற மாற்றம் பெரும்பாலும் கிருமியால் வருவது.

அந்த மையத்து அக்காவிடம் இதையெல்லாம் சொன்னபோது, "தட்டிப் பார்க்க நேரம் எங்கே கண்ணு, பருப்பு பொங்கிக்கிட்டு இருக்கு" என்றார். நியாயம்தான். 64 முட்டையைத் தட்டிப் பார்க்கப் பத்து நிமிடமாவது ஆகும். முட்டை அவிக்கும் நாட்களில் அந்த நேரத்துக்குப் பெற்றோரில் ஒருவர் வந்து உதவ அமைப்பாளர்கள் அனுமதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பள்ளியில் வரும் திங்கட்கிழமை காலை டார்ச்சோடு முதலில் வருவது நான்.

அன்புடன்,
பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள ஒரு தாய்