பில்லிங் மென்பொருள் எழுதுவோருக்கு: ஆர்டரைப் பாதியாக ஏற்றாதீர்கள்

பில்லிங் மென்பொருளில் ஆர்டர் இம்போர்ட் பகுதியை எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். விற்பனைத் தளத்திலிருந்து இறக்கிய ஆர்டர் சிஎஸ்வி கோப்பை உங்கள் மென்பொருளில் ஏற்றி பில் போடுவதும், வந்த பணத்தோடு அதை ஒத்துப் பார்ப்பதும் என் வேலை. இம்போர்ட்டில் நீங்கள் வைத்திருக்கும் ஒரு விதியை மாற்றச் சொல்லிக் கேட்கவே இதை எழுதுகிறேன். "பிழையான வரிசையை விட்டுவிட்டு மற்றதை ஏற்று" என்பதுதான் அந்த விதி.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆயிரம் வரிசையில் ஒன்று கெட்டுப்போனதற்காக முழுக் கோப்பையும் திருப்பி அனுப்பினால் யாருக்கும் வேலை ஓடாது. ஆனால் தளம் தரும் கோப்பில் ஒரு வரிசை என்பது ஒரு ஆர்டர் அல்ல, ஆர்டருக்குள் இருக்கும் ஒரு பொருள். மூன்று பொருள் வாங்கினால் மூன்று வரிசை, ஆர்டர் எண் மட்டும் ஒன்று. இந்த ஆர்டரைப் பாருங்கள்:

```
order_id,line_no,item,qty,unit_price,order_total
40817220931500627,1,LAMP-04,2,450.00,2209.50
40817220931500627,2,DESK-11,1,"1,249.50",2209.50
40817220931500627,3,SHIPPING,1,60.00,2209.50
```

இரண்டாம் வரிசையில் விற்பவர் விலையைக் கமாவோடு தட்டியிருக்கிறார். மொத்தத்தைத் தளமே கணக்கிட்டதால் அதில் கமா இல்லை. உங்கள் இம்போர்ட் அந்த விலையை எண்ணாக மாற்ற முடியாமல் வரிசையைத் தள்ளிவிடுகிறது. மற்ற இரண்டும் உள்ளே போய், 960.00-க்கு ஒரு பில் உருவாகிறது. வாங்கியவர் கட்டியதோ 2209.50. அந்த பில்லுக்கு எண் விழுந்து, வாடிக்கையாளருக்கும் போய்விடுகிறது. அதற்கு அப்புறம் விடுபட்ட வரிசையைத் திருத்தி ஏற்றினால், ஒன்று அதே ஆர்டருக்கு இரண்டாவது பில் வரும், இல்லையென்றால் "இந்த ஆர்டர் ஏற்கெனவே உள்ளது" என்று உங்கள் மென்பொருளே அதைத் தடுத்துவிடும். போன பில்லை ரத்து செய்து புதிதாகப் போடுவதைத் தவிர வழியில்லை.

பிழை என்று சொன்னதாவது பரவாயில்லை. இதே விலையை ஜாவாஸ்கிரிப்டின் `parseFloat` வழியாகப் படித்தால், கமாவோடு நின்றுவிட்டு 1 என்று தரும். எந்தப் பிழையும் எழாது. 961.00-க்கு பில் தயாராகிவிடும், பிழைப் பட்டியலும் காலியாகவே இருக்கும்.

அதனால் என் முதல் கோரிக்கை இது. கோப்பை நேராக பில் அட்டவணையில் எழுதாதீர்கள். முதலில் எல்லா வரிசைகளையும் ஒரு தற்காலிக அட்டவணையில், வந்த எழுத்து மாறாமல் வையுங்கள். பிறகு ஆர்டர் எண் வாரியாகச் சேர்த்துச் சரிபாருங்கள். ஒரு வரிசை தவறினாலும் அந்த ஆர்டர் முழுவதையும் நிறுத்திவையுங்கள், மற்ற ஆர்டர்கள் போகட்டும். எல்லா வரிசையும் தனித்தனியாகச் சரி என்றாலும், அளவையும் விலையையும் பெருக்கிக் கூட்டி `order_total` உடன் ஒப்பிடுங்கள். 900 + 1 + 60 என்பது 2209.50 ஆகாது என்று அங்கேயே தெரிந்துவிடும். தள்ளுபடியும் வரியும் மொத்தத்தில் எப்படிச் சேர்கின்றன என்பது தளத்துக்குத் தளம் மாறும், ஆகவே இந்தக் கூட்டலைத் தளம் வாரியாக அமைக்க வேண்டியிருக்கும். வரிசைக்கு வரிசை முழுமையாக்குவதால் வரும் 0.01, 0.02 வித்தியாசத்துக்கும் இடம் விடுங்கள். அதற்கு மேல் போனால் நிறுத்துங்கள்.

கமாவை நீங்களே எடுத்துவிட்டு ஏற்றலாமே என்று தோன்றும். தயவுசெய்து ஊகிக்க வேண்டாம். சில நாடுகளில் கமாதான் தசமப் புள்ளி. `1,249` என்பது ஆயிரத்துச் சொச்சமா, ஒன்றும் கொஞ்சமுமா என்று அந்த எண்ணைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. தளத்துக்கான அமைப்பில் ஒருமுறை அதைக் கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது, பிழையைச் சொல்லும் விதம். "வரிசை 61-இல் தவறான மதிப்பு" என்று ஒரு செய்தி வரும். எக்செலில் 61-ஆவது வரிசைக்குப் போனால் அங்கே ஒரு குறையும் இருக்காது. காரணம், வாங்கியவர் எழுதும் குறிப்பு. "மாலையில் கொண்டு வரவும்" என்று எழுதி, என்டர் தட்டி, இன்னொரு வரி எழுதியிருப்பார். மேற்கோள் குறிக்குள் இருக்கும்வரை சிஎஸ்வியில் அதற்கு அனுமதி உண்டு. எக்செல் அதை ஒரே வரிசையாகக் காட்டும், உங்கள் நிரலோ கோப்பின் வரிகளை எண்ணிக்கொண்டு போகும். பைத்தானின் `line_num` கூட அப்படித்தான், படித்த வரிகளைத்தான் எண்ணுகிறது, பதிவுகளை அல்ல. ஆகவே ஆர்டர் எண்ணை முதலில் சொல்லுங்கள், பிறகு தலைப்பையும் சேர்த்து எண்ணிய பதிவு எண்ணைச் சொல்லுங்கள். இப்படி வந்தால் போதும்:

```
ஆர்டர் 40817220931500627 நிறுத்தப்பட்டது (3 வரிசைகள்)
எக்செல் வரிசை 58, line_no 2, unit_price
கோப்பில் உள்ளது: "1,249.50"
எதிர்பார்த்தது: கமா இல்லாத எண், உதாரணம் 1249.50
```

கோப்பில் இருந்த மதிப்பை அப்படியே மேற்கோளுக்குள் காட்டுவது முக்கியம். எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடத்தை வேறு எப்படியும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு கோப்பில் உள்ள எல்லாப் பிழைகளையும் ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள். ஒன்றைத் திருத்தி ஏற்றினால்தான் அடுத்தது தெரியும் என்றால் பொழுது அதிலேயே போய்விடும்.

இனி, திருத்திய பின் என்ன ஆகிறது என்பதைச் சொல்கிறேன். பலரும் யோசிக்காத இடம் இதுதான். தவறிய வரிசைகளை ஒரு சிஎஸ்வியாகத் தந்து, "திருத்தி மீண்டும் ஏற்றவும்" என்கிறீர்கள். நாங்கள் அதை எக்செலில் திறக்கிறோம். 17 இலக்க ஆர்டர் எண் அங்கே `4.08172E+16` ஆகிவிடுகிறது. விலையைத் திருத்திச் சேமித்தால் கோப்பில் அந்த உருவமே எழுதப்படும். எண் வடிவத்துக்கு மாற்றினாலும் பயனில்லை, எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை, மிச்சம் பூஜ்ஜியமாகிவிடும். ஒரு பிழையைத் திருத்தப் போய், அதைவிடப் பெரிய பிழையை நாங்களே செய்யும்படி ஆகிறது. அடுத்தடுத்த எண்ணுள்ள ஆர்டர்கள் இப்போது ஒரே எண்ணில் வந்து நிற்கும்.

எனவே நிறுத்திவைத்த ஆர்டரை உங்கள் திரையிலேயே திருத்த வழி செய்யுங்கள். பழைய மதிப்பும், யார் எப்போது மாற்றினார்கள் என்பதும் பதிவில் இருக்கட்டும். முடியாது என்றால், ஆர்டர் எண் நெடுவரிசையை உரை வடிவமாக்கி, `.xlsx` கோப்பாகக் கொடுங்கள். உள்ளே வரும் ஆர்டர் எண்ணில் `E+` இருந்தால் அதைச் சரிசெய்ய முயலவே வேண்டாம். போன இலக்கங்கள் திரும்பி வராது. "இந்தக் கோப்பு எக்செலில் சேமிக்கப்பட்டுள்ளது, தளத்திலிருந்து மறுபடி இறக்கி நேராக ஏற்றவும்" என்று சொல்லி அந்தக் கோப்பை முழுதாகத் திருப்புங்கள். முழுக் கோப்பையும் திருப்ப வேண்டிய சில இடங்களில் இது ஒன்று.

அதே கோப்பை மறுபடி ஏற்றினாலும் எதுவும் இரட்டிக்கக் கூடாது. தளத்தின் பெயர், ஆர்டர் எண், `line_no` மூன்றையும் சேர்த்து ஒரே சாவியாக வைத்தால் இது கிடைத்துவிடும். விவரம் மாறாமல் வந்ததை "ஏற்கெனவே உள்ளது" என்று எண்ணிக்கொண்டு விட்டுவிடலாம். விவரம் மாறி வந்திருந்தால் மேலெழுதாமல் எங்களிடம் கேளுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு இம்போர்ட் முடிவிலும் நான்கு எண்கள் வேண்டும்: படித்த வரிசைகள், ஏற்றியவை, நிறுத்தியவை, ஏற்கெனவே இருந்தவை. பின் மூன்றின் கூட்டுத்தொகை முதல் எண்ணுக்குச் சமமாக இல்லாவிட்டால் "வெற்றி" என்ற பச்சைச் செய்தியைக் காட்டாதீர்கள். ஏற்றிய ஆர்டர்களின் மொத்தத் தொகையையும் பக்கத்தில் போடுங்கள். தளம் அனுப்பிய தொகையோடு நாங்கள் அன்றைக்கே ஒப்பிட்டுக்கொள்வோம்.

இப்படிக்கு,
உங்கள் இம்போர்ட் பக்கத்தைத் தினமும் பயன்படுத்தும் ஒரு கணக்கர்