அலமாரியில் பூட்டிய டாப்ளரும் ஐந்து நாள் பயிற்சியும்: மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர் அவர்களுக்கும் செவிலியர் நிர்வாகத்துக்கும்,

வணக்கம். சர்க்கரை நோயாளிகளின் கால் பராமரிப்புக்கான ஐந்து நாள் பயிற்சிக்குக் கட்டணமும் சம்பளத்தோடு விடுப்பும் கேட்டு நான் ஆங்கிலத்தில் அனுப்பிய விண்ணப்பம் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. 'காலின் இரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கும் டாப்ளர் கருவி வார்டில் இருக்கிறதே, அதன் கையேட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமே' என்று வாய்மொழியாக ஒரு பதில் மட்டும் வந்தது. அதனால்தான் இப்போது நம் மக்களும் படிக்கும்படி தமிழில் எழுதுகிறேன்.

மொரீசியஸில் ஏறக்குறைய ஐந்து பெரியவர்களில் ஒருவருக்குச் சர்க்கரை இருப்பது உங்களுக்குத் தெரியும். தைப்பூசம் முடிந்த வாரத்தில் எங்கள் ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டு எப்படி நிரம்பும் என்பதும் தெரியும். கோடை வெயிலில் கொதிக்கும் தாரில் வெறுங்காலோடு காவடி எடுத்து வருகிறார்கள். பாதத்தில் உணர்வு குறைந்தவருக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது. வீட்டில் யாராவது காலுறையில் ஈரத்தைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் வருகிறார்.

இந்த ஆண்டு அப்படி ஒருவர் வந்தார். இடது பாதத்தின் அடியில் கொப்புளம் உடைந்த புண், கணுக்கால் வரை வீக்கம். வலிக்கவில்லை என்றார். வீக்கம் குறைய அழுத்தக் கட்டு போடச் சொல்லி உத்தரவு வந்தது. வீங்கிய பாதத்தில் நாடி விரலுக்குத் தட்டவில்லை. 'வீக்கத்தால் நாடி தெரியவில்லை' என்று குறிப்பேட்டில் எழுதினோம், கட்டும் போட்டோம். சில நாட்களில் இரண்டு விரல்கள் கறுத்தன. இரத்தக்குழாய் நிபுணர் வந்து அளந்தபோது மேல்கை அழுத்தம் 140, கணுக்கால் அழுத்தம் 70. கணுக்கால் அளவை மேல்கை அளவால் வகுத்தால் 0.5. 0.9-க்குக் கீழே போனாலே காலுக்கு இரத்தம் குறைவு என்று பொருள். 0.5 உள்ள காலை இறுக்கிக் கட்டக் கூடாது. அவர் பாதத்தின் முன்பகுதியை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த அளவை எடுக்கும் கை டாப்ளர் எங்கள் வார்டு அலமாரியில் பூட்டி இருக்கிறது. ஆட்கள் இல்லாத வார்டில் கருவி மட்டும் குறைவில்லாமல் இருப்பது இங்கே வழக்கம்தான்.

கையேடு போதாதா? போதாது. நோயாளியைப் பத்து நிமிடமாவது படுக்கவைத்து, இரத்த அழுத்தப் பட்டையைக் கணுக்காலுக்கு மேலே சுற்றி, ஜெல் தடவி, முனையைச் சாய்த்துப் பிடித்து, பாதத்தின் மேலும் உள் கணுக்காலுக்குப் பின்னும் ஒலியைத் தேட வேண்டும். முனையைச் சற்று அதிகமாக அழுத்தினாலே நாடி அமுங்கி ஒலி மறைந்துவிடும். புதிதாகப் பிடிப்பவர் 'இரத்தமே இல்லை' என்று எழுதிவிடுவார். இதைவிடப் பெரிய சிக்கல், சர்க்கரை நோயாளிக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிவது. அந்தக் குழாய் பட்டையின் அழுத்தத்துக்கு அமுங்காது, அதனால் கணுக்கால் அளவு உண்மையைவிட உயர்வாகக் காட்டும். மேல்கை 140-க்குக் கணுக்கால் 200 என்று வந்தால், வகுத்த எண் 1.4-க்கும் மேல். தெரியாதவர் 'நல்ல கால்' என்று மகிழ்ந்து கட்டுப் போடுவார். தெரிந்தவர் அந்த எண்ணை நம்பாமல் கால் பெருவிரலின் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்வார். எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதைச் சொல்லித்தர பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். நான் கேட்பது அதைத்தான்.

வார்டுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். சர்க்கரை நோயாளி சேரும் அன்றே 10 கிராம் மோனோஃபிலமெண்ட் என்ற மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். கால் கட்டு எதுவானாலும் போடுவதற்கு முன் டாப்ளர் அளவு குறிப்பேட்டில் ஏறும். சந்தேகமான காலை நிபுணருக்கு எண்ணோடு அனுப்பினால், எது அவசரம் என்று அவருக்கும் தெரியும். நான் திரும்பி வந்ததும் இரவுப் பணியில் இருப்பவர்கள் உட்பட சக செவிலியர்களுக்குப் படுக்கை ஓரத்திலேயே சொல்லித்தருவேன். அதை எழுத்தில் கொடுக்கவும் தயார்.

பணம் இல்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். நவம்பர் 14, உலக நீரிழிவு நாளன்று வாசலில் பலூன் கட்டி, பேனர் வைத்து, கேக் வெட்டினோம். ஆமாம், கேக்! அதற்கு விண்ணப்பம் யார் போட்டார்கள், எத்தனை நாளில் ஒப்புதல் கிடைத்தது என்று தெரிந்தால் நானும் அதே வழியில் வருவேன். ஊருக்கே நடைப்பயிற்சி சொல்லும் நாம், நடக்க முடியாமல் போகிறவரின் காலை அளக்க ஒரு செவிலியரை அனுப்ப இவ்வளவு யோசிக்கிறோம்.

சரி, கோபத்தை விட்டுவிடுகிறேன். பயிற்சிக் கட்டணமும் ஐந்து நாள் சம்பள விடுப்பும், இவ்வளவுதான் என் வேண்டுகோள். எனக்குப் பதில் வார்டின் வேறொரு செவிலியரை அனுப்பினாலும் எனக்கு மகிழ்ச்சிதான். பயிற்சியில் இடத்தை உறுதி செய்ய இந்த மாதக் கடைசிதான் கெடு. அதற்கு முன் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் ஒரு பதில் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அப்புறம், டாப்ளர் அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அந்தப் பதிலிலேயே தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டு செவிலியர்