ஒரே சீட்டுல ரெண்டு இசக்கிமுத்து

மக்கா, நல்லா இருக்கியா? மருமக எப்படி இருக்கா, செக்கப்புக்கு ஒழுங்கா கூட்டிட்டுப் போறியா? நான் டெல்லில அக்கா வீட்டுக்கு நல்லபடியா வந்து சேர்ந்துட்டேன். ரயில்ல ஒரு விஷயம் நடந்துச்சு, போன்ல சொன்னா நீ பாதில கட் பண்ணிருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

திருக்குறள் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் கன்ஃபார்ம் ஆகல, ஆர்ஏசிதான். எஸ்5-ல 31, சைடு லோயர். அதுல பாதி எனக்கு, பாதி இன்னொருத்தருக்கு. திருநெல்வேலில ஏறும்போதே ஒரு பையன் ஜன்னல் பக்கம் உக்காந்திருந்தான், நாகர்கோவில்ல ஏறினவன். என்னைப் பாத்ததும் பேக்கை இழுத்து மடில வச்சிக்கிட்டு "உக்காருங்க அண்ணாச்சி"னு எடம் விட்டான். பேரெல்லாம் கேட்டுக்கல. ஆர்ஏசில ராத்திரி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும்ல, எதிரெதிரா உக்காந்து காலை நீட்டினா அவன் கால் என் இடுப்புல, என் கால் அவன் மடில. அவன் பாவம் காலை மடக்கி மடக்கி வச்சிக்கிட்டே இருந்தான்.

மதுரை தாண்டி டிடிஇ வந்தாரு. மதுரைல ஏற வேண்டிய யாரோ வரல போல, கையில இருந்த மிஷினைப் பாத்துக்கிட்டே "இசக்கிமுத்து, 43 காலியா இருக்கு, போங்க"ன்னாரு. நானும் எந்திரிச்சேன், அந்தப் பையனும் எந்திரிச்சான். ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கோம். டிடிஇக்கு சந்தேகம் வந்துட்டு, ஒரே ஆளு ரெண்டு டிக்கெட் போட்டிருக்கானோனு ரெண்டு பேர் ஆதாரையும் வாங்கிப் பாத்தாரு. மிஷின்ல ரெண்டு இடத்துலயும் இசக்கிமுத்துன்னுதான் இருக்கு, ரெண்டு பேருமே இனிஷியல் போடல. பெறகு வயசையும் பிஎன்ஆரையும் வச்சுத்தான் பிரிச்சாரு. ஆர்ஏசி வரிசைல என் நம்பர் முந்தி, அதனால பெர்த் எனக்குத்தான். ஆனா 43 அப்பர், என் முட்டிய வச்சிக்கிட்டு நான் எங்க ஏற? "சார், இந்த இசக்கிமுத்து மேல போகட்டும், நான் இங்கயே படுத்துக்கிடுதேன்"னேன், அவரும் சரின்னுட்டாரு. சாய்மானம் ரெண்டையும் மடக்கிப் போட்டு முழு பெர்த்தா ஆக்கிக் குடுத்துட்டுத்தான் அந்தப் பையன் மேல ஏறினான்.

நீயும் டிக்கெட் போடும்போது இனிஷியலைச் சேத்துப் போடு மக்கா.

மறுநாள் சென்னை தாண்டின பெறகு கீழ வந்து உக்காந்தான். உங்கம்மா கட்டிக் குடுத்த இட்லிய மிளகாப்பொடியோட பிரிச்சு வச்சேன், நல்லா சாப்பிட்டான். போபால்ல ஒரு ஹோட்டல்ல தோசை மாஸ்டராம், வயசு 27. அங்க எல்லாரும் முத்து, முத்துனுதான் கூப்பிடுவாங்களாம், முழுப் பேர் வாயில நுழையலையாம். பேர் யார் வச்சானு கேட்டேன். அவங்கம்மாவுக்கு கல்யாணமாகி ரொம்ப வருஷம் பிள்ளை இல்லாம முப்பந்தல் இசக்கியம்மனுக்கு நேந்து மரத்தொட்டில் கட்டினாங்களாம். பெறந்த பெறகு பேரு, மொட்டை, பொங்கல் எல்லாம் அங்கதானாம்.

எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. உங்க ஆச்சி கதை உனக்கு முழுசா சொன்னதே இல்லைன்னு நினைக்கேன். எனக்கு முன்னாடி மூணு பிள்ளை பெறந்து ஒண்ணும் தங்கல. அப்ப நம்ம ஊர் இசக்கி கோயில் வேப்பமரத்தடில, பிள்ளைய இடுப்புல வச்சிருக்க மண்பொம்மை ஒண்ணு கொண்டு வச்சுட்டு, "இது தங்கினா உன் பேரை வைக்கேன்"னு நேந்துக்கிட்டாளாம். அப்படித் தங்கினவன் நான். என் கிளாஸ்லயே இசக்கியம்மாள், இசக்கிப்பாண்டி, இசக்கிராஜானு ஒரு கூட்டமே உண்டு, வாத்தியார் இனிஷியலச் சொல்லித்தான் கூப்பிடுவாரு. அத்தனை வீட்லயும் இதே மாதிரி ஒரு அம்மா நின்னு அழுதிருப்பா போலனு அந்தப் பையன் பேசப் பேச தோணுச்சு. யாரோ ஒருத்தன், அவனும் நானும் ஒரே மாதிரி கேட்டு வாங்கின பிள்ளைங்க.

மூணாம் நாள் காலையில போபால்ல இறங்கினான். நம்பர் வாங்கிக்கிட்டான், ஆடில லீவுக்கு வந்தா முப்பந்தலுக்குச் சேந்து போவோம்னு சொல்லிருக்கேன், அவங்கம்மாவையும் பாக்கணும்.

பெறக்கப் போற பிள்ளைக்கு நீ அனுப்பின பேர் லிஸ்ட்டைப் பாத்தேன், எல்லாம் நல்ல பேருதான், நீங்க ரெண்டு பேரும் புடிச்சதை வைங்க. கூப்பிடுறதுக்கு எதுனாலும் இருக்கட்டும், பாஸ்போர்ட்ல நடுவுலயாச்சும் இசக்கின்னு இருக்க முடியுமானு மருமககிட்ட கேட்டுச் சொல்லு. அவளுக்கு இஷ்டம் இல்லன்னா வற்புறுத்தாத. நான் அடுத்த வாரம் வரைக்கும் இங்கதான், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல போன் போடு.

அப்பா