நகைக்கடன் கிளை மேலாளர்களுக்கு: அடகுச் சீட்டில் இன்னொரு விலையையும் எழுதுங்கள்

தமிழ்நாட்டின் வங்கி, நகைக்கடன் நிறுவனக் கிளை மேலாளர்களுக்கு,

வணக்கம். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நகைக்கடன் விதிகளின்படி, குடும்பச் செலவுக்கு வாங்கும் கடன் இரண்டரை லட்சம் வரை இருந்தால் நகை மதிப்பில் 85 சதவீதமும், ஐந்து லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும் தரலாம். கடன் கொடுக்கும் நாளில் மட்டுமல்ல, கடன் முடியும் வரை இந்த வரம்பு நிற்க வேண்டும். இந்தப் பாதியை வாடிக்கையாளரிடம் யாரும் சொல்வதில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு பெண் ஐந்து பவுன் ஆரத்தைக் கொண்டுவருகிறார். எடை 40 கிராம். கல்லுக்கும் அரக்குக்கும் 2 கிராம் கழித்தால் 38. செய்கூலி, சேதாரம் எதுவும் கணக்கில் வராது. கிராம் விலையாக முந்தைய நாள் விலை, முப்பது நாள் சராசரி இரண்டில் குறைந்ததையே எடுக்க வேண்டும். அது 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு 3,80,000. மாதாமாதம் வட்டி கட்டும் கடனாக 3 லட்சம் கொடுக்கிறீர்கள். 80 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது.

ஆனால் கிராம் விலை 9,869க்குக் கீழே போனாலே வரம்பு மீறுகிறது. 9,000 ஆனால் நகையின் மதிப்பு 3,42,000. அதற்குக் கொடுக்கக்கூடிய கடன் 2,73,600. வட்டி ஒரு மாதம்கூடத் தவறாதவரிடம் 26,400 ரூபாய் கட்டுங்கள், இல்லையென்றால் கூடுதல் நகை வையுங்கள் என்று கேட்க வேண்டிவரும். அவர் எங்கே போவார்?

அதே ஆரத்துக்கு 2,40,000 மட்டும் வாங்கியிருந்தால் வரம்பு 85 சதவீதம். விலை 7,431 வரை இறங்கினாலும் உங்களிடமிருந்து அழைப்பு வராது. இந்த வித்தியாசம் தெரிந்தால் பலர் குறைத்தே வாங்குவார்கள். "அதிகபட்சம் எவ்வளவு தருவீங்க?" என்று கேட்பவரிடம் நீங்கள் இதைச் சொல்லியாக வேண்டும். 2013இல் உலகச் சந்தையில் தங்கம் ஒரே ஆண்டில் கால் பங்குக்கு மேல் விலை இழந்தது. அப்படி இன்னொரு ஆண்டு வராது என்று யாரும் உறுதி தர முடியாது.

வருடக் கடைசியில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டும் கடனில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே முடிவில் கட்ட வேண்டிய மொத்தத் தொகைதான் வரம்புக்குள் இருக்க வேண்டும். எனவே கையில் கிடைக்கும் பணம் குறையும். அதைக் கவுன்டரிலேயே விளக்குங்கள்.

என் கோரிக்கை இதுதான். சீட்டில் எடை, தரம், வட்டியோடு "கிராம் விலை இவ்வளவுக்குக் கீழே போனால் பணம் கேட்போம்" என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். விலை அதை நெருங்கும்போதே போன் செய்யுங்கள். பத்தாயிரம் கட்டி ஆரத்தைக் காப்பாற்ற முடிகிறவருக்கு ஏல நோட்டீஸ்தான் முதல் செய்தியாகப் போகக்கூடாது. மீறி ஏலம் வந்தால், கடன் போக மிஞ்சிய பணத்தை, ஏலத்தொகை முழுதும் வந்த ஏழு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதையும் அதே சீட்டில் அச்சிடுங்கள். நகை மூழ்கிவிட்டது என்று நினைத்து அந்தப் பணத்தைக் கேட்டே வராதவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
நகைக்கடன் வாடிக்கையாளர் ஒருவர்