‘ஹெல்பர் பையன்’ என்று எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைவாய்ப்பு விளம்பரங்களின் மொழி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘மேலாளர்’, ‘உதவியாளர்’ என்று ‘அர்’ விகுதி போட்டுவிட்டால் தமிழில் பாலினச் சிக்கல் தீர்ந்தது என்கிறார் கட்டுரையாளர். பாதிதான் சரி. பணியமர்த்தல் பிரிவில் இருந்துகொண்டு இத்தகைய விளம்பரங்களை எழுதியும் திருத்தியும் வருபவன் என்ற முறையில் மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

‘மேலாளர்’ என்ற சொல்லில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, உண்மைதான். ஆனால் அதே விளம்பரத்தின் கடைசி வரி ‘மேனேஜர் சாரைத் தொடர்புகொள்ளவும்’ என்று முடிகிறது. தலைப்பில் திறந்த கதவை அந்த ஒரு ‘சார்’ சாத்திவிடுகிறது. இதைச் சரிசெய்யப் போகிறேன் என்று ‘பெண் மேலாளர்’ என்று போடுகிறவர்களும் உண்டு. ஆண் மேலாளர் என்று யாரும் எழுதுவதில்லையே, பிறகு இது மட்டும் எதற்கு?

‘ஹெல்பர்’ விஷயம் இன்னும் மோசம். அந்தச் சொல் வேலையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. கிடங்கிலா, சமையலறையிலா, லாரியிலா? தெரியாததால், எழுதுபவர் ‘பையன்’ என்றோ ‘ஆயா’ என்றோ ஒரு வாலை ஒட்டிவிடுகிறார். பாலினத்தோடு வயதும் மரியாதைக் குறைவும் அந்த வாலில் சேர்ந்தே வந்துவிடுகின்றன. நாற்பது வயதில் வேலை தேடுகிறவர் ‘பையன்’ என்ற இடத்தில் தன்னை எப்படிப் பொருத்திக்கொள்வார்?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ‘கிடங்குக்கு ஹெல்பர் பையன்கள் தேவை. ஆண்கள் மட்டும். நல்ல உடல்வாகு அவசியம்.’ இதை எழுதியவரிடம் காரணம் கேட்டால் ‘கனமான பெட்டி தூக்க வேண்டும்’ என்பார். எவ்வளவு கனம் என்று அடுத்த கேள்வி கேட்க வேண்டும். இருபது கிலோ, அதுவும் தள்ளுவண்டி உண்டு என்று பதில் வந்தால் விளம்பரம் தானாகவே மாறிவிடும்: ‘கிடங்குப் பணியாளர் தேவை. 20 கிலோ வரையுள்ள பெட்டிகளை ஏற்றி, இறக்கி, அடுக்க வேண்டும். தள்ளுவண்டி உண்டு. எப்பாலினத்தவரும் விண்ணப்பிக்கலாம்.’ தன்னால் முடியுமா என்பதை இப்போது படிப்பவரே முடிவுசெய்துகொள்வார். ‘இருபாலரும்’ என்று போடாததற்கும் காரணம் உண்டு. அந்தச் சொல் திருநர்களை வெளியே நிறுத்திவிடுகிறது.

மேனேஜருக்கும் இதே வழிதான். கிளையைக் கவனிப்பவர் என்றால் ‘கிளைப் பொறுப்பாளர்’, சரக்கிருப்பைக் கவனிப்பவர் என்றால் ‘இருப்புக் கண்காணிப்பாளர்’ என்று பணியைச் சொல்லிவிடலாம்.

இதெல்லாம் வெறும் சொல்விளையாட்டு என்பவர்களுக்காக ஒரு பழைய ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்க உளவியலாளர்கள் சாண்ட்ரா பெம், டேரில் பெம் இருவரும் 1973இல் வெளியிட்டது. தொலைபேசி நிறுவனத்தின் கம்பிப் பணிக்கான விளம்பரங்களைப் பள்ளி இறுதியாண்டு மாணவர்களிடம் காட்டினார்கள். வழக்கமான ‘லைன்மேன்’ பாணி விளம்பரத்தைக் கண்டு ஆர்வம் காட்டிய மாணவிகள் 5 சதவீதம்தான். பெயரையும் வாசகத்தையும் பொதுவாக்கியபோது அது 25 சதவீதமானது. பெண்களை வெளிப்படையாக அழைத்தபோது 45. பெண்களுக்கென்றே கருதப்பட்ட ஆபரேட்டர் போன்ற வேலைகளில், மொழியைப் பொதுவாக்கியதும் ஆண் மாணவர்களின் ஆர்வமும் 30இலிருந்து 75 சதவீதமாக உயர்ந்தது. வேலை அதேதான், மாறியது விளம்பரம் மட்டும்.

ஆனாலும் பெயர் மாற்றத்துக்கு எல்லை உண்டு. ஹெல்பருக்கு ‘செயல்பாட்டு நிர்வாகி’ என்று பெயர் சூட்டி, பழைய சம்பளத்தையே கொடுத்தால் அது ஏமாற்று. நேர்காணலுக்கு வந்தவர் பெட்டிகளைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார். இன்னொன்று, வேலை தேடுபவர்கள் ‘ஹெல்பர்’ என்றுதான் தேடுகிறார்கள். ஆகவே தலைப்பில் ‘கிடங்குப் பணியாளர்’ என்று போட்டுவிட்டு, உள்ளே ஓரிடத்தில் ‘ஹெல்பர் வேலை’ என்று குறிப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ‘பையன்’ மட்டும் வேண்டாம். பெண்கள் விடுதிக் காப்பாளர் போல, ஒரு பாலினத்தவரையே கேட்கும் இடங்களும் இருக்கலாம். அங்கே காரணத்தையும் ஒரு வரியில் எழுதிவிடுவது நேர்மை.

வரி விளம்பரங்களில் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும்போது ‘ஆண்கள் மட்டும்’ என்பது மலிவாகவும், எடையையும் வேலையையும் விவரிப்பது செலவாகவும் ஆகிவிடுகிறது. பணியை விவரிக்கும் முதல் பத்துச் சொற்களுக்குக் கட்டணம் இல்லை என்று தங்கள் விளம்பரப் பிரிவு அறிவிக்க முடியுமா? ‘பையன்’, ‘சார்’ போன்றவற்றைக் கண்டால், அச்சுக்கு அனுப்பும் முன் விளம்பரதாரரிடம் ஒருமுறை கேட்குமாறு அங்குள்ளவர்களிடம் சொல்லவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பணியமர்த்தல் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு வாசகன்