மூன்று வாரம் மூடி வை

அன்புள்ள வசந்தா,

உன் மூன்று கடிதத்துக்கும் சேர்த்து இது ஒரே பதில். திட்டுவதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள், முதலில் விஷயத்தைப் படி. இங்கே எல்லோரும் சுகம். பரமு உன்னை விசாரித்தான். குடையைப் பற்றி மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை.

மாடித் தொட்டிச் செடிகளையெல்லாம் பிடுங்கிப் போடுகிறது என்று அணில் மேல் நீ எழுதியிருந்த குற்றப்பத்திரிகையை இரண்டு தடவை படித்தேன். "அதற்கு என் மேல் என்னடி விரோதம்?" என்று கேட்டிருக்கிறாய். விரோதமெல்லாம் ஒன்றுமில்லை. உன் அவரைச் செடி அதற்கு ஒரு பொருட்டே கிடையாது. அதற்கு வேண்டியது உன் மண். நீ அனுப்பிய எட்டுப் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன், அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

அவரை இருக்கும் நாலு தொட்டியைப் பார். கிண்ணம் மாதிரி ஒரு குழி, மூன்று விரல் அகலம். தோண்டிய மண் ஒரே பக்கமாக விளிம்பைத் தாண்டித் தெறித்திருக்கிறது. செடி வேரோடு பக்கத்தில் கிடக்கிறது, இலையில் ஒரு கடி கூட இல்லை. இது அணில். கிடைத்ததைப் புதைத்து வைக்கவோ, முன்பு புதைத்ததைத் தேடியோ தோண்டியிருக்கிறது. செடி நடுவில் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

மக்காச்சோளம் போட்ட இரண்டு தொட்டி வேறு கதை. அங்கே மண் சிதறவே இல்லை. பென்சிலைக் குத்தி எடுத்த மாதிரி ஒரு துளை, பக்கத்தில் முளை நீளமாகக் கிடக்கிறது, அடியில் ஒட்டியிருக்க வேண்டிய விதையைக் காணோம். அது காகம். பச்சையாக நீட்டிக்கொண்டிருப்பதைப் பிடித்து இழுத்தால் அடியில் தீனி வரும் என்று அதற்குத் தெரியும். ஆக, செய்யாத குற்றத்துக்கும் சேர்த்து அணிலை வைதிருக்கிறாய்.

யாரும் தொடாத இரண்டு தொட்டிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. இரண்டும் உன் பழைய ரோஜா. மண் இறுகி, வேர் மேலே வரைக்கும் பின்னிக் கிடக்கிறது. மற்ற ஆறிலும் பாதிக்குப் பாதி தென்னை நார்க்கழிவு கலந்து, அழுத்தாமல் பஞ்சு மாதிரி விட்டு, காலையில் தண்ணீர் ஊற்றி, மேலாகக் கடலைப் புண்ணாக்கும் தூவியதாக எழுதியிருக்கிறாய். இளகின மண், ஈரம், தின்னும் வாசனை மூன்றும் ஒரே இடத்தில். பத்திரிகை அச்சடித்து அழைத்த மாதிரிதான்!

அதனால் முதல் வேலை மண்ணில். நட்டதும் உள்ளங்கையால் நன்றாக அழுத்து. விரலை வைத்தால் எளிதில் புதையக் கூடாது. புண்ணாக்கு, எலும்புத்தூள், மீன் அமிலம் எதுவும் முதல் ஒரு மாதம் மேல்மண்ணில் வேண்டாம். தண்ணீரை அணில் அடங்கிய பிறகு, பொழுது சாயும்போது செடியின் காலடியில் மட்டும் ஊற்று. விடிவதற்குள் மேல்மண் ஓரளவு காய்ந்துவிடும். இலையை நனைத்தால் இரவெல்லாம் ஈரம் நின்று பூஞ்சை வரும், அதைப் பார்த்துக்கொள்.

கூண்டு செய்வதற்கு முன் ஒரே ஒரு ராத்திரி சோதனை. அணிலும் காகமும் பகலில்தான் வேலை செய்யும். இருட்டின பிறகு தொட்டி மண்ணைச் சமப்படுத்தி, மேலே மெல்லிய மணலைச் சலித்துத் தூவிவிடு. விடியும் முன் எழுந்து பார். மணல் கலைந்திருந்தால் வந்தது எலியோ பூனையோ. பூனை என்றால் குழி பெரிதாக இருக்கும், மூடியும் வைத்திருக்கும், கிளறினால் நாறும். மணல் அப்படியே இருந்து எட்டு மணிக்குக் குழி விழுந்தால் உன் அணில்தான். ஆள் மாறினால் வைத்தியமும் மாறும் என்பதால் சொல்கிறேன்.

இப்போது கூண்டு. உன் தொட்டி வாய் 30 செ.மீ. என்று எழுதியிருக்கிறாய், அந்த அளவுக்கே சொல்கிறேன். அரை அங்குலக் கண் உள்ள, துத்தநாகம் பூசிய கம்பிவலை வாங்கு. ஒரு அங்குலக் கண் காகத்துக்குப் போதும், ஆனால் குட்டி அணில் நுழைந்துவிடும், பெரிய அணில் கையை விட்டுத் துழாவும். பிளாஸ்டிக் வலையைக் கடித்தே திறந்துவிடும். தொட்டி வாய்க்கு உள்ளே அடங்க 28 செ.மீ. குறுக்களவில் ஒரு உருளை வேண்டும். அதற்குச் சுற்றளவு 88 செ.மீ., இரண்டு ஓரமும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்க 4 செ.மீ. சேர்த்து 92 செ.மீ. நீளம், 25 செ.மீ. உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டு. சுருட்டி, ஏறி நிற்கும் இடத்தைக் கட்டுக்கம்பியால் மூன்று இடத்தில் முறுக்கு. மேல்மூடிக்கு 32 செ.மீ. சதுரம் போதும். நாலு மூலையையும் கீழே மடித்துவிட்டு, ஒரு பக்கம் மட்டும் இரண்டு கம்பி வளையத்தால் கட்டினால் பெட்டி மூடி மாதிரி திறக்கும். எதிர்ப்பக்கம் ஒரு கொக்கி. உருளையின் அடி மண்ணுக்குள் 4 செ.மீ. இறங்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் தோண்டி உள்ளே வந்துவிடும்.

வெட்டின முனை ஒவ்வொன்றையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்காதபடி குறடால் மடித்துவிடு. இதை எல்லோரும் சோம்பலில் விட்டுவிடுவார்கள். அந்த முனை அணிலின் காலைக் கிழிக்கும், அதற்கு முன்னால் உன் கையைக் கிழிக்கும். கையுறை போட்டுக்கொள், சொன்னால் கேட்க மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

"வலையை மண் மேல் தட்டையாகப் போட்டால் போதாதா, செடி கண் வழியே வந்துவிடாதா?" என்று நீ கேட்பாய். கீரை மாதிரி மெல்லிய முளைக்கு அது சரி. அவரையின் விதையிலை தடிமன், அரை அங்குலக் கண்ணில் சிக்கிக் கழுத்து ஒடியும். தப்பி வந்த செடியும் தண்டு பருத்ததும் கம்பியில் இறுகிக்கொள்ளும். அப்போது வலையை எடுக்கச் செடியையே வெட்ட வேண்டி வரும். அதனால்தான் உயரக் கூண்டு.

மக்காச்சோளத்துக்கு அதே கூண்டு ஆகும். ஆனால் இந்தத் தடவை விதையை 5 செ.மீ. ஆழத்தில் ஊன்று. மேலாக ஊன்றினால் காகம் ஒரே இழுப்பில் எடுத்துவிடும், ஆழத்தில் இருந்தால் தண்டு அறுந்து விதை உள்ளேயே நின்றுவிடும். செடி ஒரு சாண் வளர்ந்துவிட்டால் விதையில் இருந்ததையெல்லாம் அதுவே தின்று தீர்த்திருக்கும். காகத்துக்கு இழுத்தும் லாபமில்லை. விதை போட்டதிலிருந்து ஏறக்குறைய மூன்று வாரக் கணக்கு இது. அதற்கப்புறம் காவல் தேவையில்லை.

வசந்தா, இனி விளையாட்டில்லை. உன் வீட்டுக்காரர் தொட்டிகளின் மேல் நைலான் வலையைத் தொளதொளவென்று போர்த்தியிருப்பதைக் கடைசிப் படத்தில் பார்த்தேன். இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் போய் அதை எடு. தொய்ந்த வலைதான் கொல்லும். அணிலின் கால் மாட்டும், திமிறத் திமிற நூல் இறுகும், வெயிலில் ஒரு மதியத்துக்குள் செத்துவிடும். பல்லி, ஓணான், சிட்டு, பாம்பு எதுவும் தப்பாது. வலைதான் வேண்டும் என்றால் சட்டத்தில் அடித்து, தட்டினால் மத்தளம் மாதிரி விறைப்பாக நிற்க வேண்டும், காலையும் மாலையும் போய்ப் பார்க்கவும் வேண்டும். பசைத் தட்டு பேச்சையே எடுக்காதே.

உன் அத்தை சொன்ன மிளகாய்த் தூளும் வேண்டாம். காகத்துக்கு அது உறைக்கவே உறைக்காது, பறவைகளின் நரம்பில் அந்தக் காரத்தை உணரும் அமைப்பு நம்மைப் போல் இல்லை. அணிலுக்கு உறைக்கும், ஆனால் அது கையால் முகத்தைத் துடைக்கிற பிராணி, கண்ணில் பட்டால் துடிக்கும். ஒரு தடவை தண்ணீர் ஊற்றினால் தூளும் போய்விடும். அந்துருண்டை விஷம், காய்கறித் தொட்டியில் அதற்கு வேலையே இல்லை. பளபளக்கும் தகடு, பொம்மை ஆந்தை எல்லாம் ஒரு வாரத்துக்குத்தான். இரண்டு நாளுக்கொரு தரம் இடம் மாற்றினால் இன்னும் சில நாள் ஓடும்.

இன்னொன்று, காகத்தின் மேல் கல்லை விடாதே. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் முகமூடி போட்டுக்கொண்டு காகங்களைப் பிடித்து, பிறகு பறக்கவிட்டுப் பார்த்தார்கள். பல வருஷம் கழித்தும் அந்த முகமூடியைக் கண்டால் காகங்கள் கூட்டம் கூடிக் கத்தின. உன் முகத்தை அதற்கு மனப்பாடம் செய்து கொடுக்காதே. பக்கத்து வீட்டு ராஜி ஒருத்தி போதாதா?

அணில் இளந்தண்டைக் கடித்து மென்று துப்பியிருந்தால் தாகமாக இருக்கலாம். செடிகளிலிருந்து தள்ளி, அகலமான சின்னத் தட்டில் தண்ணீர் வை. இரண்டு நாளுக்கொரு தரம் கொட்டிவிட்டு மாற்று, இல்லாவிட்டால் கொசு வளர்ப்பாய். தீனி மட்டும் வைக்காதே. தின்றது போக மிச்சத்தை உன் தொட்டியில்தான் கொண்டுவந்து புதைக்கும்.

இப்போது பிடுங்கிக் கிடக்கிற செடியைத் தூக்கி எறியாதே. வேர் வளைத்தால் மடங்குகிறதா என்று பார். மடங்கினால் உயிர் இருக்கிறது. பத்து நிமிஷம் தண்ணீரில் வேரை வைத்து, விதையிலைக்குச் சற்றுக் கீழே வரை மண் அணைத்து நட்டு, இரண்டு மூன்று நாள் நிழலில் வை. விதையிலைக்கு மேலே ஒடிந்திருந்தால் பக்கத்திலிருந்து துளிர்க்கலாம். விதையிலைக்குக் கீழே ஒடிந்தது பிழைக்காது, அந்த இடத்தில் புதிதாக ஊன்று.

அவரைக் கூண்டை எப்போது எடுப்பது என்று தேதி பார்க்காதே. நாலு நிஜ இலை வந்த பிறகு தண்டைப் பிடித்து லேசாக மேலே இழுத்துப் பார். மண் தூக்காமல் செடி விறைப்பாக நின்றால் வேர் பிடித்துவிட்டது. கூண்டை எடுத்த அன்றே மண்ணின் மேல் எலுமிச்சை அளவுக் கூழாங்கல்லை நெருக்கமாக அடுக்கு. சின்னக் கல்லைப் புரட்டிப் போட்டுவிடும். தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் விடு, இல்லாவிட்டால் ஈரம் தங்கித் தண்டு அழுகும்.

கூண்டுக்குக் கம்பி வெட்டத் தகரக் கத்தரி வேண்டுமென்றால் பரமுவிடம் இருக்கிறது. குடையைத் திருப்பிக் கொடுத்தால்தான் தருவான்.

உன்
கோமதி