எட்டாம் வகுப்புக் கணித ஆசிரியை விடைபெறுகிறார்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவின் வகுப்பாசிரியை, உங்கள் பிள்ளைகளுக்குக் கணிதமும் நடத்துபவர், இந்த மாதம் 30ஆம் தேதியோடு நம் பள்ளியிலிருந்து விலகுகிறார். கணிதக் கல்வியில் 2 ஆண்டு முழுநேர முதுகலைப் படிப்பு படிக்க அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. பிள்ளைகள் வழியாகச் செய்தி பாதியாக உங்களை எட்டியிருக்கும். அதனால்தான் நடந்ததையும் இனி நடக்கப்போவதையும் முழுதாக எழுதுகிறேன்.

அவருடைய ராஜினாமா கடிதம் ஒரே பக்கம்தான். அதன் ஒரு பகுதியை அவர் சம்மதத்தோடு இங்கே தருகிறேன்:

"முழுநேர முதுகலைப் படிப்பில் சேர இருப்பதால் ஆசிரியைப் பணியிலிருந்து விலக விரும்புகிறேன். பணி ஒப்பந்தப்படி 2 மாத முன்னறிவிப்பாக இக்கடிதத்தை ஏற்று, 30ஆம் தேதி மாலை என்னை விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஒருபடிச் சமன்பாடுகள் பாடத்தில் பாதி முடிந்திருக்கும் நிலையில் வகுப்பை ஒப்படைக்க நேரும். எந்தக் கணக்கு வரை நடத்தினேன், எந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதைத் தனியாக எழுதித் தருகிறேன். புதிய ஆசிரியர் வந்தால் ஒரு வாரமாவது இருவரும் சேர்ந்து வகுப்பெடுக்க அனுமதி வேண்டும்."

விலகல் கடிதங்களில் காரணமும் கடைசி நாளும் வழக்கமாக இருக்கும். நன்றியும் இருக்கும். வகுப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்று எழுதுபவர்கள் குறைவு. ஒரு தலைமையாசிரியருக்கு உடனே தேவைப்படுவது அதுதான். கடைசி நாள் தெரிந்தால் புதிய ஆசிரியரை எப்போது வரச் சொல்லலாம் என்று கணக்குப் போடலாம், பாடம் நிற்கும் இடம் தெரிந்தால் எப்படிப்பட்டவரைத் தேடலாம் என்று முடிவு செய்யலாம். கடிதத்தை ஏற்றுக்கொண்டதாகவும், விடுவிக்கும் நாள் இது என்றும் மறுநாளே அவருக்கு எழுத்தில் கொடுத்துவிட்டேன். முழுநேர மாணவியாகச் சேர்பவர் வேறு எங்கும் பணியில் இல்லை என்று காட்டுவதற்கு, அந்தப் பல்கலைக்கழகத்தில் பணிவிடுவிப்பு ஆணை கேட்கிறார்கள். அதையும் அனுபவச் சான்றிதழையும் கடைசி நாளிலேயே கையில் கொடுத்து அனுப்புவோம்.

"படிக்கத்தானே போகிறார், விடுப்பு கொடுத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமே" என்று சிலர் கேட்டீர்கள். நானும் அவரிடம் முதலில் இதைத்தான் கேட்டேன். படிப்பு விடுப்பில் போனால் அந்தப் பணியிடம் அவர் பெயரிலேயே இருக்கும். அவர் திரும்பும்வரை நாங்கள் தற்காலிக ஆசிரியரை மட்டுமே வைத்துக்கொள்ள முடியும். தற்காலிகமாக வருபவர் நிரந்தர வேலை கிடைத்ததும் போய்விடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. அப்படி நடந்தால் உங்கள் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்குள் இரண்டு மூன்று கணித ஆசிரியர்களைப் பார்க்க வேண்டியிருக்கும். விலகிவிட்டால் இடம் காலியாகும், நிரந்தரமாக ஒருவரை நியமிக்கலாம். இதைச் சொல்லி, தனக்கு வசதியான வழியை விட்டுவிட்டு விலகலைத் தேர்ந்தெடுத்தது அவரேதான். இது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆண்டின் நடுவில் ஏன் என்ற கேள்விக்குப் பதில் எளிது. பல்கலைக்கழகத்தின் கல்வியாண்டு தொடங்கும் நாள் வேறு, நம்முடையது வேறு. ஓர் ஆண்டு தள்ளிப்போட்டால் இந்த இடம் காத்திருக்காது.

சரி, பிள்ளைகளின் பாடத்துக்கு வருகிறேன். உங்கள் கவலையும் என் கவலையும் ஒன்றுசேரும் இடம் இது.

ஒருபடிச் சமன்பாடு பாதியில் கைமாறக்கூடிய பாடமே இல்லை. ஒரு கணக்கை வைத்துச் சொல்கிறேன்: 3x + 5 = 20. இந்த ஆசிரியை இதை எப்படி நடத்துகிறார் தெரியுமா? சமக்குறிக்கு இரண்டு பக்கமும் ஒரு தராசின் இரண்டு தட்டுகள். இடப்பக்கம் 5ஐ எடுத்தால் வலப்பக்கமும் 5ஐ எடுக்க வேண்டும், ஆக 3x = 15. பிறகு இரண்டு பக்கத்தையும் 3ஆல் வகுக்க, x = 5. ஒவ்வொரு படியும் தனி வரியில் வர வேண்டும், சமக்குறிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருப்பார்.

நம்மில் பெரும்பாலோர் படித்தது வேறு விதமாக: "அந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும்." வேகமான வழிதான், தவறான வழியும் அல்ல. ஆனால் ஏன் மாறுகிறது என்று புரியாத பிள்ளையிடம் இந்தக் குறுக்குவழி முதலில் போய்ச் சேர்ந்தால், 3x = 15 வரை சரியாக வந்துவிட்டு, 3ஐயும் 'அந்தப் பக்கம் கொண்டுபோய்' குறியை மாற்றி x = 15 − 3 = 12 என்று எழுதிவிடும். 5 கூட்டப்பட்டிருந்தது, 3 பெருக்கப்பட்டிருக்கிறது என்ற வித்தியாசம் அதன் கண்ணில் படாது. விடையைத் திரும்ப வைத்துப் பார்த்தால் 3 × 12 + 5 = 41 வரும், 20 வராது. ஆனால் வைத்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் படியவில்லை என்றால் பிள்ளைக்குத் தவறு நடந்ததே தெரியாது.

இன்னொரு தவறு இதைவிட நுட்பமானது. சில நோட்டுகளில் இப்படி இருக்கிறது: 3x + 5 = 20 = 20 − 5 = 15 = 15 ÷ 3 = 5. கடைசி விடை சரி. ஆனால் இந்த வரி 20ம் 15ம் 5ம் ஒன்று என்கிறது. சமக்குறியை 'இரண்டு பக்கமும் சமம்' என்று படிக்காமல் 'அடுத்து விடை வருகிறது' என்று பிள்ளை படிப்பதன் அடையாளம் இது. 8 + 4 = □ + 5 என்று கொடுத்துப் பார்த்தால் உடனே வெளிப்படும். அப்படிப் படிக்கும் பிள்ளை கட்டத்தில் 12 எழுதும். சரியான விடை 7. சின்ன வகுப்புகளில் சமக்குறிக்குப் பின்னால் எப்போதும் விடையையே பார்த்துப் பழகியதால் வருவது இது. கூட்டல் கழித்தலில் கெட்டியான பிள்ளைகளிடமும் இருக்கும். இதை ஆழமாகப் படித்து ஆராயத்தான் ஆசிரியை போகிறார்.

ஒப்படைப்புக் குறிப்பில் அவர் எழுதியிருப்பதும் இந்த வகையில்தான். மதிப்பெண் பதிவேட்டைப் பார்த்தால் ஒரு பிள்ளை 10க்கு 6 வாங்கியது தெரியும், அவ்வளவுதான். அந்த 4 எங்கே போனது என்பதை அவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு மூன்று வரியில் எழுதுகிறார்: இந்தப் பிள்ளை விடையைச் சரிபார்ப்பதில்லை, இந்தப் பிள்ளைக்குப் பின்னம் வந்தால் கை நிற்கிறது, இந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும் ஆனால் கையைத் தூக்காது. புதிய ஆசிரியர் இவற்றைத் தானாகக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஒரு பருவமே ஓடிவிடும்.

புதிய ஆசிரியர் 22ஆம் தேதி வருகிறார். வேறொரு பள்ளியில் இதே வகுப்புகளுக்குக் கணிதம் நடத்தியவர். முதல் இரண்டு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிப்பார். அப்புறம் அவர் நடத்த, இவர் பின்னால் இருப்பார். சமன்பாடுகள் பாடம் முடியும்வரை தராசு முறையிலேயே போவது என்று இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். குறுக்குவழியைப் பாடம் முடிந்த பிறகு சொல்லிக்கொடுப்பார்கள். வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும், தனிப்பயிற்சிக்கு அனுப்புபவர்களும் அதுவரை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரே சமயத்தில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் குழம்புவது பிள்ளைதான். நோட்டை எடுத்துப் பாருங்கள். ஒரே வரியில் சமக்குறிகள் சங்கிலியாக நீண்டிருந்தாலோ, கடைசியில் விடையை வைத்துப் பார்த்த வரி இல்லாமல் இருந்தாலோ புதிய ஆசிரியருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். முதல் தேர்வில் மதிப்பெண் கொஞ்சம் இறங்கினால் பதற வேண்டாம். அடுத்த தேர்விலும் அதே வகைத் தவறு தொடர்ந்தால் என்னை வந்து பாருங்கள்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் மென்மையானது. வகுப்பாசிரியை என்பதால் உங்களில் பலர் அவரிடம் வீட்டு விஷயங்களைச் சொல்லியிருப்பீர்கள். உடல்நலம், வீட்டில் நேர்ந்த ஓர் இழப்பு, பெற்றோருக்குள் பிரிவு என்று எதுவாகவும் இருக்கலாம். அவரை நம்பிச் சொன்னது அது. உங்களைக் கேட்காமல் அதை அவர் யாரிடமும் சொல்ல மாட்டார், ஒப்படைப்புக் குறிப்பிலும் எழுத மாட்டார். கண்பார்வை, காது கேட்பது, மருந்து சாப்பிடும் நேரம் போன்று பள்ளிப் பதிவேட்டில் ஏற்கெனவே இருப்பவை மட்டும் தானாகப் போகும். மற்றவற்றில் எதைப் புதிய வகுப்பாசிரியர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அதை 25ஆம் தேதிக்குள் ஆசிரியையிடம் சொல்லிவிடுங்கள். நேரில் வர முடியாதவர்கள் மூடிய உறையில் பிள்ளையிடம் கொடுத்தனுப்பலாம்.

பிள்ளைகளுக்குச் சொல்வதைப் பற்றி: ஆசிரியையே வகுப்பில் சொல்லிவிட்டார். சிலர் அழுதார்கள், ஒரு பையன் "நாங்கள் சத்தம் போட்டதாலா மிஸ்?" என்று கேட்டானாம். வீட்டில் பேச்சு வந்தால் அவர் படிக்கப் போகிறார் என்றே சொல்லுங்கள். "மிஸ் சீக்கிரம் வந்துவிடுவார்" என்று மட்டும் சொல்ல வேண்டாம். திரும்பி வருவார் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அப்படி நம்பும் பிள்ளை புதிய ஆசிரியரோடு ஒட்டுவதற்கு நாளாகும்.

பரிசு வாங்கப் பெற்றோர் குழு பணம் சேர்ப்பதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் அன்பு எனக்குப் புரிகிறது, ஆனால் வேண்டாம். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை அந்த நாளில் ஒதுங்கி நிற்கக் கூடாது. ஆசிரியையிடம் கேட்டேன். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒரு கணக்கை அரைப்பக்கத்தில் எழுதி, அது ஏன் பிடிக்கும் என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்தால் போதும் என்றார். 29ஆம் தேதி கடைசிப் பாடவேளையில் அதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.

விலகிய பிறகு தொலைபேசியில் சந்தேகம் கேட்பதையும், மாலையில் தனியாகச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்பதையும் தவிர்த்துவிடுங்கள். உங்களிடம் மறுத்துப் பேசத் தெரியாதவர் அவர். படிப்புக்கு அவர் நேரம் முழுதாக வேண்டும்.

புதிய ஆசிரியரைப் பெற்றோர் சந்திக்கும் நேரம் 27ஆம் தேதி பிற்பகல் 3 மணி, எட்டாம் வகுப்பு அறையிலேயே. பிள்ளையின் கணித நோட்டைக் கையோடு கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்